சலுகைக் குழுவை வாடிக்கையாளர்களின் சொந்தக் குழுவாக மாற்றுவது எப்படி?

கேள்வி: "நாங்க வார்ப்பிரும்பு தோசைக்கல், பணியாரக்கல், கடாய் தயாரிச்சு ஆன்லைன்ல விக்கிறோம். வாங்கினவங்க 400 பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு. ஆஃபர் போட்டா பார்க்கிறாங்க, மத்தபடி குட் மார்னிங் மெசேஜ்தான். அவங்களே ஒருத்தருக்கொருத்தர் டிப்ஸ் சொல்லிக்கிட்டு, இது நம்ம பிராண்டுன்னு நினைக்கிற மாதிரி கொண்டு வர முடியுமா? எங்கிருந்து ஆரம்பிக்கணும்?"

முடியும். அதுவும் நீங்கள் விற்கும் பொருளுக்கு மற்ற பலவற்றைவிடச் சுலபமாக முடியும். வார்ப்பிரும்புக் கல்லை வாங்கிய அன்றே யாராலும் நல்ல தோசை சுட முடியாது. எண்ணெய் தடவி, சூடாக்கி, சில வாரம் பழக்க வேண்டியிருக்கிறது. இடையில் ஒட்டும், துருப்பிடிக்கும், பிசுபிசுக்கும். இப்படிக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும் பொருளைச் சுற்றித்தான் குறிப்புகள் பிறக்கும். பிளாஸ்டிக் வாளி விற்பவருக்கு இந்த வாய்ப்பே கிடையாது. சமையலறைச் சாமான், விதை, தையல் பொருள் விற்கும் சிறு நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் குழுக்களைப் பல வருடங்களாக நடத்திக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து, உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

முதலில், இப்போதிருக்கும் குழுவைச் சீர்திருத்த முயலாதீர்கள். அதில் இருப்பவர்கள் சலுகைக்காகச் சேர்ந்தவர்கள். விலை குறைந்தால் தெரிய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய எதிர்பார்ப்பு, அதில் தவறே இல்லை. அதே இடத்தில் "வாங்க, பேசுங்க, அனுபவத்தைப் பகிருங்க" என்று அழைத்தால் இரண்டு வேலையும் கெடும். பேச நினைப்பவருக்கு 400 பேர் முன்னால் கூச்சமாக இருக்கும். பேச்சு வேண்டாதவர் சத்தம் தாங்காமல் குழுவை மியூட் செய்துவிடுவார், அப்புறம் உங்கள் சலுகையும் அவருக்குப் போய்ச் சேராது. எனவே அந்தக் குழுவில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைப்பை மாற்றிவிட்டு, அதை அறிவிப்புப் பலகையாகவே விட்டுவிடுங்கள். பேச்சுக்குத் தனியாக ஒரு சின்னக் குழு தொடங்குங்கள்.

அந்தச் சின்னக் குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அதிகம் வாங்கியவர்களைச் சேர்க்கலாம் என்று உடனே தோன்றும். நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். ஐந்து கடாய் வாங்கியவர் கல்யாணத்துக்குப் பரிசளிக்க வாங்கியிருக்கலாம். பழைய குழுவின் செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் படித்துப் பாருங்கள். உங்களைக் கேட்காமல் இன்னொரு வாடிக்கையாளருக்கு ஒரு வரியாவது பதில் சொன்னவர் யார்? "எனக்கும் அப்படித்தான் ஆச்சு, ரெண்டு நாள் வெங்காயம் தேய்ச்சேன், சரியாச்சு" என்று எழுதியவர் யார்? அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, தனியாக உங்களுக்கு மெசேஜ் அனுப்பிக் கல்லின் படத்தைக் காட்டிச் சந்தேகம் கேட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்பவர்கள் மட்டும் இருந்தால் குழு நடக்காது, கேட்பவர்களும் வேண்டும். 400 பேரில் இப்படி 30 பேர் தேறினால் போதும், 20 பேர் என்றாலும் தொடங்கலாம்.

இன்னொரு வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னவரை ஏன் இவ்வளவு தேடச் சொல்கிறேன் என்றால், ஆராய்ச்சியும் அங்கேதான் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் முனீஸ், ஓகுயின் என்ற இருவர் 2001-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போகும் இடம். ஃபோர்டு பிராங்கோ, சாப் கார்களின் சொந்தக்காரர்களையும் மெக்கின்டாஷ் கணினி வைத்திருந்தவர்களையும் பார்த்து எழுதியது. ஒரு பிராண்டைச் சுற்றியிருக்கும் கூட்டம் உண்மையிலேயே சமூகமாக இருந்தால் மூன்று விஷயங்கள் தெரியும் என்றார்கள். நாமெல்லாம் ஒரே வகை ஆட்கள் என்ற நினைப்பு, தங்களுக்குள் வழங்கும் பழக்கங்களும் கதைகளும், ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்ற கடமையுணர்வு. சாப் ஓட்டுபவர்கள் எதிரே இன்னொரு சாப் வந்தால் விளக்கைச் சிமிட்டியோ ஹாரன் அடித்தோ வணக்கம் வைத்துக்கொள்வார்களாம். இந்த மூன்றிலும் வாடிக்கையாளருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் உள்ள உறவுதான் நடுவில் இருக்கிறது. உங்கள் குழுவில் இப்போது எல்லாக் கோடுகளும் உங்களிடம்தான் வந்து சேர்கின்றன. அவர்களுக்குள்ளே கோடு விழ வேண்டும்.

அழைப்பை லிங்க் அனுப்பி முடித்துவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். "அக்கா, போன மாசம் ஒருத்தங்களுக்குத் துரு எடுக்கிறது எப்படின்னு சொன்னீங்களே, அவங்க கல்லு இப்ப நல்லாயிருக்காம். உங்களை மாதிரி கொஞ்ச பேரை மட்டும் வெச்சு ஒரு குரூப் போடலாம்னு இருக்கோம். விளம்பரம் ஒண்ணும் வராது. சேர்த்துக்கட்டுமா?" என்று கேட்டால் போதும். குழுவில் சேர்ந்ததும் மற்ற உறுப்பினர்களுக்கு அவர் எண் தெரியும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பெண்கள் அதிகம் இருப்பார்கள். கேட்காமல் சேர்த்து, யாரோ ஒருவர் அவர்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பத் தொடங்கினால், அந்தக் குழு அன்றோடு சரி. அப்படி அனுப்பினால் உடனே நீக்கப்படுவார் என்ற விதியைக் குழு விளக்கத்தில் முதல் வரியாகவே எழுதி வையுங்கள்.

அடுத்து வருவது உங்களுக்குத்தான் கஷ்டமான பகுதி. யாராவது கேள்வி கேட்டால் நீங்கள் உடனே பதில் சொல்லக் கூடாது. தயாரிப்பாளரே பதில் சொல்லிவிட்டால் மற்ற 29 பேருக்கும் அங்கே வேலையில்லை. பதில் தெரிந்தவர்கூட, "கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க" என்று ஒதுங்கிவிடுவார். நான் நடத்தும் குழுக்களில் வைத்திருக்கும் வழக்கம் இது: காலையில் வந்த கேள்விக்கு மாலை வரை நிறுவனம் வாய் திறக்காது. அதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்றால், அப்போதும் நேரடியாக விடையைச் சொல்லாமல், தெரிந்த ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். "உங்களுக்கும் இண்டக்‌ஷன் அடுப்புதானே, நீங்க என்ன பண்றீங்க?" இப்படிக் கூப்பிடப்பட்டவர் பெரும்பாலும் பதில் சொல்வார். அடுத்த முறை கூப்பிடாமலே வருவார்.

ஒரு கேள்வி எப்படி நகரும் என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். "தோசை நடுவுல மட்டும் ஒட்டுது, ஓரத்துல நல்லா எழும்புது" என்று ஒருவர் எழுதுகிறார். ஒருவர் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெய் தொட்டுத் தேய்க்கச் சொல்வார். இன்னொருவர் கல்லைத் திரும்பப் பழக்கச் சொல்வார். மூன்றாமவர் மாவில்தான் கோளாறு என்பார். மூவரும் அவரவர் அனுபவத்தைச் சொல்கிறார்கள், ஆனால் கேட்டவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். இங்கே நிறுவனம் செய்ய வேண்டியது தீர்ப்பு சொல்வதல்ல, சரியான துணைக் கேள்வியைப் போடுவது. "உங்க அடுப்பு கேஸா, இண்டக்‌ஷனா? பர்னர் பெருசா, சின்னதா? கல்லு எவ்வளவு நேரம் சூடாகுது?" என்று கேட்டால், சின்ன பர்னரில் தீயைக் கூட்டி வைத்து இரண்டு நிமிஷத்தில் மாவு ஊற்றுகிறார் என்பது வெளியே வரும். வார்ப்பிரும்பு வெப்பத்தை மெதுவாகத்தான் பரப்பும். தீ படும் நடுப்பகுதி மட்டும் அதிகமாகச் சூடாகி, அங்கே படிந்திருந்த எண்ணெய்ப் பூச்சு கருகிப் போகும், ஓரம் நன்றாகவே இருக்கும். பெரிய பர்னரில், சிறு தீயில், பொறுமையாகச் சூடாக்கினால் பிரச்சினை குறையும். இது அந்த மூன்று பதில்களிலும் இல்லாத விடை. ஆனால் துணைக் கேள்வி விழுந்த பிறகு, குழுவில் யாராவது ஒருவரே இதைச் சொல்லிவிடுவார் என்பதுதான் என் அனுபவம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. கேள்வி கேட்பவர் எந்த அடுப்பு, எந்த எண்ணெய், கல் வாங்கி எத்தனை நாள் என்ற மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். குறிப்பு சொல்பவரும் அதே மூன்றைச் சொல்ல வேண்டும். இது இருந்தால் "என்னோடது சரி, உன்னோடது தப்பு" என்ற சண்டை பாதி குறைந்துவிடும். நல்லெண்ணெயில் பழக்கியவருக்கு வந்தது தேங்காய் எண்ணெயில் பழக்கியவருக்கு வராமல் போகலாம். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

நீங்கள் காத்திருக்காமல் உடனே குறுக்கிட வேண்டிய இடமும் உண்டு. யாராவது "கல்லை நல்லா காய வெச்சு, பச்சைத் தண்ணி ஊத்தினா அழுக்கெல்லாம் பெயர்ந்து வந்துடும்" என்று எழுதினால், மாலை வரை பொறுக்காதீர்கள். சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம், கொதிநீர் தெறித்து ஆளுக்கும் ஆபத்து. அதே மாதிரி "இந்தக் கடாயில சமைச்சா ரத்தசோகை சரியாயிடும்" என்ற செய்தி கண்டிப்பாக வரும். இரும்புப் பாத்திரத்தில், குறிப்பாகப் புளிப்பான குழம்பு வைத்தால், உணவில் கொஞ்சம் இரும்பு சேரும் என்பது உண்மை. அதை வைத்து நோய் தீரும் என்று உங்கள் குழுவில் நிற்க விடக் கூடாது. விற்பவர் சொன்னதாகத்தான் அது வெளியே போகும். இரும்பு கூடினால் ஆகாத உடல்நிலை உள்ளவர்களும் இருக்கிறார்கள். திருத்தும்போது எழுதியவரைக் குட்ட வேண்டாம். காரணத்தைச் சொல்லி, அந்தச் செய்தியை நீக்குவதாகச் சொல்லிவிட்டு நீக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் நல்ல குறிப்புக்கு ஆயுசு ஒரு நாள்தான். மறுநாள் மேலே போய்விடும், அடுத்த வாரம் அதே கேள்வி திரும்ப வரும். பதில் சொன்னவர் மூன்றாவது தடவை சலித்துப் போவார். குறிப்புகளைச் சேகரித்து வைப்பதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு என்று நினைக்கிறேன். வாரம் ஒரு முறை உட்கார்ந்து, அந்த வாரம் வந்த குறிப்புகளில் இரண்டு மூன்று பேருக்காவது பலித்ததை மட்டும் எடுத்து, ஒரு கூகுள் டாகுமெண்டில் எழுதுங்கள். குறிப்பின் கீழே கொடுத்தவர் பெயரும் ஊரும், அவர் சம்மதித்தால். உதாரணமாக இப்படி: "பழக்கும்போது எண்ணெய் பிசுபிசுப்பாக நின்றால் அதிகமாகத் தடவியிருக்கிறோம் என்று அர்த்தம். கல்லைச் சூடாக்கி, உலர்ந்த துணியால் எண்ணெயே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்துவிட்டு மறுபடி காய வைக்கவும். கேஸ் அடுப்பு, நல்லெண்ணெய்." கீழே பெயர், ஊர். நான்கு வரிக்கு மேல் வேண்டாம்.

இந்தத் தொகுப்பில் 15, 20 குறிப்பு சேர்ந்ததும் ஒரு தாளில் அச்சடித்து, புதிதாக விற்கும் ஒவ்வொரு கல்லின் பெட்டியிலும் வையுங்கள். "இது நம்ம பிராண்டு" என்று அவர்கள் நினைக்க வேண்டும் என்று கேட்டீர்களே, அதன் முதல் படி இதுதான். தான் சொன்ன விஷயம் தன் பெயரோடு, முகம் தெரியாத ஒருவர் வீட்டுச் சமையலறைக்குப் போகிறது. அந்தத் தாளைப் படம் பிடித்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் கீழே குழுவில் சேரும் வழியையும் போட்டால், அடுத்து வருபவர்கள் சலுகைக்காக வராமல் குறிப்புக்காக வருவார்கள். குழு வளர வேண்டியது அப்படித்தான். ஒரே நாளில் நூறு பேரைக் கொட்டினால், முதல் முப்பது பேர் பழக்கிய பேச்சு முறை கரைந்துவிடும்.

இரண்டாவது படி, ஒரு முடிவை அவர்கள் கையில் கொடுப்பது. "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று எத்தனை தடவை எழுதினாலும் யாருக்கும் எதுவும் சொந்தமாகத் தோன்றாது. அவர்கள் சொன்னதால் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும், அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதை முறையாகச் செய்பவர்களில் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் முக்கியமானது. 2008-ல் ஜப்பானில் சோதனையாகத் தொடங்கி, இன்று லெகோ ஐடியாஸ் என்ற பெயரில் நடக்கும் ஏற்பாடு அது. யார் வேண்டுமானாலும் ஒரு புதிய பொம்மைத் தொகுப்பை வடிவமைத்து முன்வைக்கலாம். 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் அதைப் பரிசீலிக்கும். தேர்வாகி விற்பனைக்கு வந்தால், வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் 1 சதவீதம். இதில் நான் கவனிக்கச் சொல்வது, எல்லைக் கோடு முதல் நாளே சொல்லப்பட்டிருப்பது. 10,000 ஆதரவு கிடைத்தால் பரிசீலனை உறுதி, தயாரிப்பு உறுதியில்லை. பல யோசனைகள் அந்த இலக்கைத் தாண்டியும் நிராகரிக்கப்படுகின்றன. வருத்தம் இருந்தாலும் ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு பெரிதாக எழுவதில்லை, ஏனென்றால் எது யார் கையில் என்பது முன்பே தெரியும்.

உங்கள் அளவுக்கு இதைச் சுருக்கினால் எப்படி இருக்கும்? பணியாரக்கல்லை எடுத்துக்கொள்வோம். "அடுத்து என்ன தயாரிக்கலாம்?" என்று திறந்து விட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், எதையும் செய்ய முடியாது, கடைசியில் கேட்டதே வீண் என்று ஆகும். அதற்குப் பதில், உங்களால் செய்து தர முடிகிற இரண்டு மூன்று மாதிரிகளை நீங்களே முதலில் பட்டறையில் பேசி முடிவு செய்யுங்கள். குழி 7 வைப்பதா, 12 வைப்பதா, கைப்பிடி ஒன்றா, இரண்டா, இப்படி. ஒவ்வொன்றின் எடையையும் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். எடை சொல்லாமல் கேட்டால் எல்லோரும் பெரியதைக் கேட்பார்கள், கைக்கு வந்த பிறகு தூக்க முடியவில்லை என்பார்கள். பிறகு குழுவிலேயே வாக்கெடுப்பு வையுங்கள். "இந்த மூன்றில் எது அதிக வாக்கு வாங்குதோ அதைத்தான் பொங்கலுக்கு முன்னாடி வார்ப்போம், இந்த முடிவு உங்களோடது. விலையும் எண்ணிக்கையும் எங்க முடிவு" என்று எழுதிவிடுங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதையே செய்ய வேண்டும். அதற்குத் தயாரில்லை என்றால் கேட்கவே கேட்காதீர்கள். கேட்டுவிட்டு வேறொன்றைச் செய்த குழுக்கள் மீண்டும் பேசத் தொடங்கியதை நான் பார்த்ததில்லை.

வார்ப்பு நடக்கும்போது பட்டறையிலிருந்து படம் போடுங்கள். முதல் துண்டில் குழியோரம் சொரசொரப்பாக வந்திருந்தால் அதையும் காட்டி, "இதைத் தேய்க்கணும், ஒரு வாரம் தள்ளுது" என்று சொல்லுங்கள். முதலில் வந்த நான்கைந்து கல்லை விற்பனைக்கு முன் உறுப்பினர்களில் சிலருக்கு அனுப்பி, இரண்டு வாரம் பயன்படுத்தி, குறை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பாராட்டு வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதுங்கள், இல்லையென்றால் நம் ஊரில் எல்லோரும் "சூப்பர்" என்றுதான் எழுதுவார்கள்.

வெகுமதி கொடுக்கலாமா என்ற கேள்வி உங்களுக்கு அடுத்து வரும். ஒரு மாடித்தோட்ட விதைக் கடையின் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். குறிப்புகள் நன்றாக வந்துகொண்டிருந்தபோது, இன்னும் அதிகம் வரட்டும் என்று, ஒரு குறிப்புக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் என்று அறிவித்தார்கள். அந்த வாரமே செய்திகள் பல மடங்கு பெருகின. எல்லாம் யூடியூபிலும் வேறு குழுக்களிலும் இருந்து எடுத்து ஒட்டியவை. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் என்ற ஒரே குறிப்பு வேறு வேறு அளவுகளில் திரும்பத் திரும்ப வந்தது. தன் செடியில் செய்து பார்த்து எழுதிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் மெதுவாகக் குறைத்துக்கொண்டார்கள். கூப்பனை நிறுத்தியதும் ஒட்டியவர்களும் போய்விட்டார்கள், குறைத்தவர்களும் உடனே திரும்பவில்லை. அவர்களில் ஒருவரிடம் போனில் கேட்டபோது, "நான் கூப்பனுக்காக எழுதுறேன்னு நினைச்சுடுவாங்களோன்னு இருந்துச்சு" என்றார்.

ஆனால் இதை வைத்துப் பணமே கூடாது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 2009-ல் தொடங்கிய கிஃப்காஃப் என்ற மொபைல் சேவை, கால் சென்டரே இல்லாமல் உறுப்பினர்களையே ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வைத்தது. உதவியவர்களுக்குப் புள்ளிகள் கொடுத்து, வருடத்துக்கு இரண்டு முறை அதைப் பணமாகவோ ரீசார்ஜாகவோ தர்ம காரியத்துக்கோ மாற்றிக்கொள்ள விட்டது. அது நன்றாகவே ஓடியது. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே அது தொடக்கத்திலிருந்தே இருந்த ஏற்பாடு. நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவில் உங்களுக்கும் பங்கு என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்ட ஏற்பாடு. நட்புக்காக நடந்துகொண்டிருந்த ஒன்றின் நடுவில் விலை ஒட்டப்படவில்லை. மறுபக்கம், லெகோவே தன் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோவின் 2006 பதிப்பைத் திட்டமிட நான்கு ரசிகர்களை அழைத்தபோது, அவர்களுக்குக் கிடைத்த கூலி லெகோ பொம்மைகள்தான். விமான டிக்கெட்டைக்கூட அவர்களே வாங்கிக்கொண்டு போனார்கள். மனமுவந்து செய்தார்கள் என்றாலும், அதை முன்மாதிரியாக உங்களுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. என் யோசனை: ஒற்றைக் குறிப்புக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். வருட முடிவில், சொல்லாமல், அதிகம் உதவிய சிலர் வீட்டுக்கு ஒரு கடாய் போகட்டும். ஆனால் ஒருவர் உங்களுக்காக மணிக்கணக்கில் வேலை செய்கிறார் என்றால், உதாரணமாகக் குறிப்புத் தொகுப்பை அவரே எழுதிப் பராமரிக்கிறார் என்றால், அது வேலை. அதற்குச் சம்பளம் பேசிக் கொடுத்துவிடுங்கள்.

எப்போதாவது ஒரு லாட் மோசமாகப் போகும். கல்லில் துளை, வளைவு, கைப்பிடி ஆட்டம் என்று ஏதோ ஒன்று. வாங்கியவர் குழுவிலேயே படம் போடுவார். அதை நீக்கிவிட்டுத் தனியாகப் பேச வேண்டும் என்று கை பரபரக்கும். நீக்காதீர்கள். அந்தப் படத்தின் கீழேயே, எந்த லாட், என்ன ஆனது, யார் யாருக்கு மாற்றித் தருகிறோம் என்று எழுதுங்கள். முகவரி, பணம் திருப்புவது மட்டும் தனியாக. புகாரை நீக்கும் குழுவில் மற்றவர்கள் குறிப்பும் எழுத மாட்டார்கள், ஏனென்றால் தாங்கள் எழுதுவதும் எப்போது மறையும் என்று அவர்களுக்குத் தெரியாது.

இதுவரை சொன்னதில் எனக்கு உறுதி உண்டு. இதனால் விற்பனை கூடுமா என்பதில் அந்த அளவு உறுதி இல்லை. குழுவில் இருப்பவர்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்று காட்டும் கணக்குகள் நிறைய உண்டு. ஆனால் பிராண்டு பிடித்துப்போனவர்கள்தானே குழுவில் சேருகிறார்கள்? குழுவால் வாங்கினார்களா, எப்படியும் வாங்கியிருப்பார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். அதுவும் வார்ப்பிரும்புக் கல் ஒரு தடவை வாங்கினால் பேரன் காலம் வரை வரும். வாங்கியவரே திரும்ப வாங்குவது உங்களுக்குக் குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய லாபம் வேறு இடத்தில்: "ஒட்டுது, திருப்பி எடுத்துக்கோங்க" என்று வரும் கல் குறையும், உங்கள் போனுக்கு வரும் ஒரே மாதிரிக் கேள்வி குறையும், உறுப்பினர் சொல்லி வாங்க வருபவர் கூடுவார். இந்த மூன்றையும் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் மாதாமாதம் குறித்து வாருங்கள். குழு தொடங்குவதற்கு முந்தைய சில மாதக் கணக்கு கையில் இல்லாமல் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது.

அழுத்தம் கொடுத்தால் எதிர்வினைதான் வரும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஐரோப்பாவில் கார் கிளப்புகளை வைத்துச் செய்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், சமூகத்தோடு ஒன்றிப் போவது நன்மை தருவதாகவும், இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற நெருக்கடி தோன்றும்போது உறுப்பினர் விலக நினைப்பதாகவும் தெரிய வந்தது. "ஏன் யாரும் பேசலை?", "எல்லாரும் கண்டிப்பா ரிவியூ போடுங்க" என்பதெல்லாம் அந்த வகை நெருக்கடிதான். பேசாமல் படித்துக்கொண்டிருப்பவர்கள் எந்தக் குழுவிலும் பெரும்பான்மை. அவர்களில் ஒருவர் ஆறு மாதம் கழித்து முதல் தடவையாக வாய் திறந்து, இன்னொருவருக்குச் சரியான பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

குழு பிடித்துவிட்டதா என்று பார்க்க செய்திகளின் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், குட் மார்னிங்கும் அதில்தான் சேரும். மாதம் ஒரு முறை, அந்த மாதம் வந்த கேள்விகளை எண்ணுங்கள். அவற்றில் எத்தனைக்கு முதல் பதில் உங்களிடமிருந்து வராமல் உறுப்பினரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் நன்றாகப் போகிறது. பதில் சொல்பவர் ஒரே ஆளாக இருந்தால் கவனம் தேவை, அவர் ஊருக்குப் போனால் குழு நின்றுவிடும். இன்னொரு நல்ல அறிகுறி, விதி மீறலை உறுப்பினர்களே கேட்கத் தொடங்குவது. யாரோ ஃபார்வர்டு போட, "இங்க கல்லு விஷயம் மட்டும்தாங்க" என்று இன்னொரு வாடிக்கையாளர் சொன்னால், அந்த மாதமே அவரிடமும் அவரைப் போன்ற இன்னொருவரிடமும் அட்மின் பொறுப்பை ஏற்கிறீர்களா என்று கேளுங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் குழு விதிகளை மாற்றும் உரிமையையும் சேர்த்தே கொடுங்கள். ஆபத்தான குறிப்பு, உடல்நலம் பற்றிய பேச்சு, பெண்களுக்குத் தொல்லை ஆகிய மூன்றில் மட்டும் கடைசி வார்த்தை உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையும் பொறுப்பைக் கொடுக்கும் அன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.